வண்டி வாங்கும் முன் சேஸிஸ் நம்பரைக் கேளுங்கள்

போன சித்திரையில் ஒரு காலை நேரம். கிணற்றடியில் ஜீவாமிர்தம் கலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலத்துத் தம்பி செல்போனை நீட்டியபடி வரப்பில் வந்தார்.

"சார், இந்த வண்டியப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்குது. நாளைக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அவர் மாதம் இரண்டு முறை கல்வராயன் மலைக்குப் போய் வெள்ளிமலைப் பக்கத்து விவசாயிகளிடம் சாமை, தினை எடுத்துவருகிறவர். மற்ற நாட்களில் சொந்தக் காய்கறியைக் கள்ளக்குறிச்சி உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறார். இதுநாள் வரை வாடகை வண்டிதான். வாடகையே லாபத்தைத் தின்கிறது என்று பழைய மாருதி ஈக்கோ ஒன்று தேடிக்கொண்டிருந்தார். விழுப்புரத்துத் தரகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆறு போட்டோ அனுப்பியிருந்தார். முன்பக்கம், பின்பக்கம், டயர், சீட், டேஷ்போர்டு, சாமி படம் ஒட்டிய கண்ணாடி. விலை நாலரை லட்சம்.

"எந்த மாசம் தயாரிச்ச வண்டி தம்பி?" என்று கேட்டேன்.

"இருபத்து மூணு மாடல்னு சொன்னாரு சார்."

"மாடல் இருக்கட்டும். கம்பெனியில எந்த மாசம் செஞ்சாங்க? அதக் கேட்டுச் சொல்லுங்க. சேஸிஸ் நம்பர் போட்டோவும் அனுப்பச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அட்வான்ஸப் பத்திப் பேசலாம்."

நான் இப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த முதல் வருடம் நானும் ஒரு பழைய சின்ன லோடு வண்டி வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். இன்ஜின் சத்தம் கேட்டேன், டயர் பார்த்தேன், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வங்கிக்காரன் புத்தியோடு சரிபார்த்தேன். நான்கு மாதம் கழித்து வண்டிக்குள் எரிபொருள் வாடை. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கிருந்த பையன் சேஸிஸ் நம்பரைக் கணினியில் தட்டிவிட்டு, "சார், இது ரெண்டு வருஷம் முன்னாடியே ரீகால் ஆன வண்டி. எரிபொருள் குழாய் மாத்தணும். நீங்க ஏன் வரல?" என்று என்னையே கேட்டான். கடிதம் பழைய உரிமையாளர் பேருக்குப் போயிருக்கிறது. அவர் வண்டியை விற்றுவிட்டார். நடுவில் நான் அந்தக் குழாயோடு நான்கு மாதம் நெடுஞ்சாலையில் தென்னங்கன்று ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். குழாயை இலவசமாகத்தான் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வாங்கும் முன்பே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள வழியும் இருந்தது.

ரீகால் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து இன்னொரு நாள் வரை தயாரித்த வண்டிகளில் ஒரு பாகம் சரியில்லை என்று சந்தேகம் வந்தால், அந்த வண்டிகளை மட்டும் கம்பெனி திரும்ப அழைத்துப் பார்க்கும். பாகத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் காசு வாங்காமல் மாற்றிக் கொடுக்கும். இதைத்தான் ரீகால் என்கிறோம். இந்தியாவில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் 2012ஆம் ஆண்டு ஜூலையில் இதற்கு ஒரு தன்னார்வ நடைமுறையைக் கொண்டுவந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதன்படி அரசே ஒரு கம்பெனியை ரீகால் செய்யச் சொல்லலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஆனாலும் நாம் செய்தித்தாளில் பார்க்கும் ரீகால்களில் பெரும்பாலானவை கம்பெனிகள் தாங்களாகவே அறிவிப்பவைதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ரீகால் என்பது ஒரு மாடல் முழுவதற்கும் வருவதில்லை. தேதிக்கு வருகிறது. "ஈக்கோ நல்ல வண்டியா?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "இந்தத் தேதியில் செய்த ஈக்கோவில் என்ன குறை அறிவிக்கப்பட்டது?" என்று கேட்டால்தான் உறுதியான பதில் கிடைக்கும்.

ஈக்கோவுக்கு வந்த அறிவிப்புகள்

தம்பி தேடிய ஈக்கோவையே எடுத்துக்கொள்வோம். மாருதி சுசூகி கம்பெனி இந்த வண்டிக்கு அறிவித்தவற்றில் நான்கைக் கீழே தருகிறேன். தேதிகள் எல்லாம் வண்டி தயாரான தேதிகள்.

ஒன்று: 2019 நவம்பர் 4 முதல் 2020 பிப்ரவரி 25 வரை. 40,453 வண்டிகள். முகப்பு விளக்கில் இருக்க வேண்டிய தரக் குறியீடு சிலவற்றில் விடுபட்டிருக்கலாம் என்று சோதிக்க அழைத்தார்கள்.

இரண்டு: 2021 ஜூலை 19 முதல் அக்டோபர் 5 வரை. 19,731 வண்டிகள். சக்கர ரிம்மின் அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம் என்பது காரணம்.

மூன்று: 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை. ஈக்கோவோடு சேர்த்து ஆறு மாடல்களில் 17,362 வண்டிகள். ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோலரில் குறை இருக்கலாம், அபூர்வமாக மோதலின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம் என்றார்கள். அந்தப் பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

நான்கு: 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை. ஈக்கோவும் எஸ்-பிரெஸ்ஸோவும் சேர்ந்து 87,599 வண்டிகள். 2023 ஜூலையில் அறிவித்தார்கள். ஸ்டீயரிங்கின் டை ராடில் ஒரு பகுதி குறையுள்ளதாக இருக்கலாம், அபூர்வமாக அது உடைந்து வண்டியைத் திருப்புவதையும் கட்டுப்படுத்துவதையும் பாதிக்கலாம் என்பது காரணம்.

நான்கையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதல் இரண்டும் குறியீடு சம்பந்தப்பட்டவை. அதற்காக நல்ல வண்டியை விட வேண்டியதில்லை. மூன்றாவதும் நான்காவதும் உயிர் சம்பந்தப்பட்டவை. டை ராட் என்பது நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அசைவை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி. அது ஒரு பக்கம் உடைந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் நம் சொல் கேட்காது. சமவெளியில் வயலுக்குள் இறங்கித் தப்பிக்கலாம். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற வளைவில் நடந்தால் இறங்குவதற்கு வயல் இல்லை.

ஈக்கோ மட்டுமல்ல. நம் ஆட்கள் அதிகம் வாங்கும் இன்னொரு வண்டியான சூப்பர் கேரியிலும், 2022 மே 4 முதல் ஜூலை 30 வரை செய்த 5,002 வண்டிகளை, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் பெல்ட் கொக்கியைப் பிடிக்கும் போல்ட்டைச் சரியாக முறுக்குவதற்காக அழைத்தார்கள். ரீகால் வந்த கம்பெனி என்றாலே மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அறிவித்துச் சரிசெய்து கொடுக்கிற கம்பெனி, அறிவிக்காமல் மறைக்கிற கம்பெனியைவிட மேல். நம் கவலை அதுவல்ல. நாம் வாங்கப்போகிற இந்த ஒரு வண்டிக்கு அந்த வேலை நடந்ததா என்பதுதான் நம் கேள்வி.

போட்டோ எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

தரகர் அனுப்பிய ஆறு போட்டோவில் பயன்பட்டது ஒன்றே ஒன்று. டேஷ்போர்டு போட்டோ. 2022 நவம்பரில் ஈக்கோவுக்குப் புது இன்ஜின் வந்தது. அதோடு ஸ்டீயரிங் சக்கரம் மாறியது, வேகம் காட்டும் மீட்டர் டிஜிட்டல் ஆனது, ஏ.சி. திருகுகளும் மாறின. தம்பி காட்டிய படத்தில் டிஜிட்டல் மீட்டர் இருந்தது. ஆக, இது 2022 நவம்பருக்குப் பிந்திய வண்டி. முதல் இரண்டு பட்டியலிலும் இது வராது. மூன்றாவதிலும் நான்காவதிலும் வரலாம், வராமலும் போகலாம்.

அதற்கு மேல் அந்தப் போட்டோக்கள் எதுவும் சொல்லவில்லை. பெயிண்ட் பளபளப்பிலிருந்து டை ராட் எந்த மாதம் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். மெக்கானிக் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். தேய்ந்துபோன டை ராடில் ஆட்டம் தெரியும். டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். ஆனால் செய்யும்போதே பலவீனமாக அமைந்துவிட்ட பாகத்தில் உடைகிற நாள் வரை ஆட்டமே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் கம்பெனி கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லாமல், தேதியை வைத்து வண்டியை அழைக்கிறது.

எனவே தரகரிடம் நாம் கேட்க வேண்டிய போட்டோ இரண்டு. ஒன்று ஆர்.சி. அட்டையின் படம். இன்னொன்று வண்டியில் இருக்கும் அடையாளத் தகட்டின் படம், கிட்டே நின்று எடுத்தது.

ஆர்.சி.யில் இரண்டு தேதி இருக்கும். பதிவு செய்த தேதி ஒன்று, தயாரித்த மாதமும் ஆண்டும் இன்னொன்று. தரகர்கள் பதிவுத் தேதியை வைத்து மாடல் சொல்வார்கள். ரீகால் கணக்குக்குத் தயாரிப்பு மாதம்தான் செல்லும். தம்பியின் வண்டி பதிவானது 2023 பிப்ரவரி. அதனால் அது இருபத்து மூணு மாடல். ஆர்.சி.யில் தயாரிப்பு என்று இருந்ததோ 12/2022.

இப்போது மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். 2022 டிசம்பர் என்பது நான்காவது அறிவிப்புக்குள் முழுதாக விழுகிறது. மூன்றாவது அறிவிப்பு டிசம்பர் 8இல் தொடங்குகிறது. ஆர்.சி.யில் மாதம்தான் இருக்கிறது, நாள் இல்லை. டிசம்பர் 5இல் செய்த வண்டியானால் வெளியே, 10இல் செய்ததானால் உள்ளே. தேதிக்குள் விழுகிற எல்லா வண்டியும் பட்டியலில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே மாதத்தை வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு சொல்ல முடியாது. முடிவைச் சொல்வது சேஸிஸ் நம்பர்.

பதினேழு எழுத்து

சேஸிஸ் நம்பர் என்பது பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்தது. பல மாருதி வண்டிகளில் அது MA3 என்று தொடங்கும், பிறகு பதினான்கு இருக்கும். மாருதி சுசூகியின் இணையதளத்தில் Imp Customer Info என்ற பகுதி இருக்கிறது. அங்கே இந்த நம்பரை இட்டால் அந்த வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று சொல்லும். மற்ற பல கம்பெனிகளும் தங்கள் தளத்தில் இப்படி ஒரு வசதி வைத்திருக்கின்றன. எந்த மாடலுக்கு எப்போது ரீகால் வந்தது என்ற பொதுவான பட்டியலை சியாமின் தளத்தில் Voluntary Recall என்ற தலைப்பில் பார்க்கலாம்.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் தப்பு நடப்பதும் இங்கேதான். ஒரு எழுத்தை மாற்றி இட்டுவிட்டால் அது வேறொரு வண்டியின் நம்பராகிவிடும், அல்லது இல்லாத வண்டியின் நம்பராகிவிடும். தளம் பட்டியலில் இல்லை என்று சொல்லும். நாமும் நிம்மதியாக அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். வங்கியில் ஒரு எண் மாறினால் பணம் வேறு கணக்குக்குப் போகும். இங்கே ஆபத்து வேறு வழியாகப் போய்விடுகிறது.

போட்டோவில் படிக்கும்போது ஏமாற்றுகிற ஜோடிகள் இவை: 8க்கும் Bக்கும், 5க்கும் Sக்கும், 2க்கும் Zக்கும், 6க்கும் Gக்கும், 0க்கும் Dக்கும் குழப்பம் வரும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த நம்பரில் I, O, Q என்ற மூன்று எழுத்துகளும் வரவே வராது. எண்ணோடு குழம்பக் கூடாது என்று உலக அளவில் செய்த ஏற்பாடு அது. ஆகவே வட்டமாகத் தெரிந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் 1. மொத்தம் பதினேழு வருகிறதா என்று விரல் விட்டு எண்ணுங்கள். பதினாறு வந்தால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

நான் டிராக்டர் கடன் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் சேஸிஸ் நம்பரை யார் சொன்னாலும் எழுதிக்கொள்ள மாட்டோம். வண்டியில் பொறித்த இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து பிரிண்ட் எடுப்போம். குழிந்த இடம் வெள்ளையாக நிற்கும். அதை ஒட்டித்தான் கோப்பில் வைப்போம். போட்டோவில் வெயில் பட்டு மின்னி 8 மூடிக்கொண்டு B ஆகலாம். பென்சில் பிரிண்டில் அந்தக் குழப்பம் குறைவு. நேரில் வண்டி பார்க்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு பென்சிலும் மெல்லிய தாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவையே நம்ப வேண்டியிருந்தால் தகட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஃபிளாஷ் போடாமல், நேர் எதிரே ஒன்றும் சற்றுச் சாய்வாக ஒன்றும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு தகட்டில் படித்ததையும் ஆர்.சி.யில் அச்சடித்ததையும் இன்சூரன்ஸ் தாளில் உள்ளதையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றானால்தான் தளத்தில் இடுங்கள். ஒப்பிடும்போது தகடும் ஆர்.சி.யும் மாறுபட்டால் நீங்கள் படித்தது தவறாக இருக்கலாம். மறுபடி படித்தும் மாறுபட்டால் ரீகாலைப் பற்றிய கேள்வியே வேண்டாம். அந்த வண்டியே வேண்டாம்.

சிலர் சேஸிஸ் நம்பர் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது, எதற்குக் கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்படியானால் அவர்களையே தளத்தில் இட்டுப் பார்த்து, நம்பரை இடுவது முதல் பதில் வருவது வரை செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதற்கும் மாட்டேன் என்றால் வேறு வண்டி பார்க்கலாம். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் கிடைக்காதா என்றால், அதில் பதிவு விவரங்கள் தெரியும். ஆனால் அடுத்தவர் வண்டியின் சேஸிஸ் நம்பரை முழுதாகக் காட்டாது. அது ரீகால் பார்க்க உதவாது.

தம்பியின் வண்டிக்கு என்ன ஆனது?

தரகர் முணுமுணுத்தாலும் மறுநாள் படம் அனுப்பினார். முதல் படத்தில் கடைசி ஆறு எண்களில் ஒன்று 6ஆ 8ஆ என்று தெரியவில்லை. ஆர்.சி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து 6 என்று உறுதி செய்தோம். தம்பியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் டிக் அடித்தேன். தளத்தில் இட்டோம். வண்டி ரீகால் பட்டியலில் இருக்கிறது என்று வந்தது.

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வேணாம் சார், விட்டுடலாம்."

"பொறுங்க. பட்டியல்ல இருக்குதுன்னா வேல பாக்கலன்னு அர்த்தம் இல்ல. பாத்துட்டாங்களான்னு கேப்போம்."

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலில் இருந்து, பாகமும் மாற்றிய வண்டி, பட்டியலிலேயே இல்லாத வண்டிக்குச் சமம்தான். பாகம் புதிது என்பதால் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். இதை வாய்ச் சொல்லால் நம்பக் கூடாது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் அந்த வண்டிக்கு இதுவரை நடந்த சர்வீஸ் வரலாற்றைக் கணினியில் பார்த்துச் சொல்வார்கள். ரீகால் வேலை முடிந்ததா, பாக்கி இருக்கிறதா என்றும் தெரியும். விற்பவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வண்டி இன்னும் அவர் பேரில் இருக்கிறது, கேட்கிற உரிமை அவருக்குத்தான் முழுதாக உண்டு.

தம்பி அப்படியே செய்தார். இரண்டு அறிவிப்பிலும் அந்த வண்டி வந்திருந்தது. ஏர்பேக் கண்ட்ரோலர் 2023 தொடக்கத்திலேயே மாற்றியாகிவிட்டது. டை ராட் வேலை பாக்கி. காரணம் எளிது. முதல் உரிமையாளர் வண்டியைச் சில மாதத்திலேயே கைமாற்றிவிட்டார். ஜூலையில் டை ராட் அறிவிப்பு வந்தபோது தகவல் பழைய போன் நம்பருக்குப் போயிருக்கிறது. இரண்டாவது உரிமையாளர் வெளிப் பட்டறையில் ஆயில் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயமே தெரியாது. என் கதையேதான்.

தம்பி ஒரு நிபந்தனை வைத்தார். டை ராட் வேலையை முடித்து, ஜாப் கார்டு நகலைக் கொடுத்தால்தான் அட்வான்ஸ். பட்டறையில் தேதி வாங்கி, பாகம் வந்து, ஒரு வாரத்தில் சோதித்து மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். செலவு ஒன்றுமில்லை. இரண்டாவது உரிமையாளரும் நன்றிதான் சொன்னார். அவர் குடும்பமும் அந்த வண்டியில்தானே திருவண்ணாமலைக்குப் போய்வந்தது.

"இல்லை" என்று வந்தால்?

தளத்தில் பட்டியலில் இல்லை என்று வந்தால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். உண்மையிலேயே இல்லை என்பது ஒன்று. நம்பரைத் தவறாக இட்டோம் என்பது இரண்டு. இன்னும் அறிவிக்கவில்லை என்பது மூன்று. டை ராட் ரீகாலைப் பாருங்கள். 2021 ஜூலையில் செய்த வண்டிக்கு 2023 ஜூலையில்தான் அறிவிப்பு வந்தது. நடுவில் இரண்டு வருடம் யார் சோதித்திருந்தாலும் அந்தக் குறை தெரிந்திருக்காது. ஆகவே வாங்கும்போது ஒரு முறை, பிறகு இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற ஒவ்வொரு ஆண்டும் ஒரு முறை நம்பரை இட்டுப் பாருங்கள்.

ரீகாலில் வராத குறைகளும் உண்டு. விபத்தில் அடிபட்ட வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி, மீட்டரைத் திருப்பிய வண்டி. இவற்றை எந்த ரீகால் பட்டியலும் சொல்லாது. அங்கே மெக்கானிக்கின் கண்தான் வேண்டும்.

பவர் வீடருக்கும் இதே வழியா?

இதைக் கேட்காத விவசாயி இல்லை. களை எடுக்கும் பவர் வீடர், பவர் டில்லர் போன்றவற்றுக்கு வண்டிகளைப் போல நம்பரை இட்டுப் பார்க்கும் ரீகால் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். அவற்றுக்கு வேறொரு ஆவணம் இருக்கிறது. அது சோதனை அறிக்கை.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் இருக்கின்றன. கம்பெனி கொடுக்கும் இயந்திரத்தை அங்கே அளந்து, வயலில் ஓட்டி, எவ்வளவு எரிபொருள் குடித்தது, கைப்பிடி எவ்வளவு அதிர்ந்தது, ஓட்டும்போது எது பழுதானது என்றெல்லாம் எழுதுவார்கள். அறிக்கையின் கடைசிப் பகுதியில் குறைகளையும் திருத்த வேண்டியவற்றையும் தனியாகச் சொல்லியிருப்பார்கள். விளம்பரத்தாளில் இல்லாத செய்தி எல்லாம் அங்கேதான் இருக்கும். விற்பவரிடம் கேட்டு அந்தக் கடைசிப் பக்கங்களை மட்டும் படித்தாலே போதும். மானியத்தில் வாங்குகிறவர்கள் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கேயும் போட்டோ ஏமாற்றும். ஒரே உடம்பில் வேறு வேறு நிறம் பூசி, வேறு வேறு பேர் ஒட்டி விற்கிற இயந்திரங்கள் நிறைய. மேலே ஒட்டிய பேரை வைத்துத் தேடாதீர்கள். இயந்திரத்தில் அடித்திருக்கும் பெயர்த் தகட்டைப் போட்டோ எடுக்கச் சொல்லி, அதில் உள்ள மாடல் பெயர் அறிக்கையில் உள்ள மாடல் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்னால் ஒரு எழுத்து கூடியிருந்தாலும் அது வேறு மாடலாக இருக்கலாம், அந்த அறிக்கை இதற்குப் பேசாது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சோதித்தது ஒரு மாதிரி இயந்திரத்தை. வடிவமைப்பில் உள்ள குறையை அது காட்டும். நீங்கள் வாங்குகிற இயந்திரத்தில் மட்டும் உள்ள குறையைக் காட்டாது.

வாங்கிய பிறகு ஒரு வேலை

தம்பி வண்டியைத் தன் பேருக்கு மாற்றியதும் நான் சொன்ன கடைசி வேலையையும் செய்தார். அதே பட்டறைக்குப் போய், கம்பெனிக் கணக்கில் அந்த வண்டிக்கு எதிரே இருந்த பழைய போன் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடச் சொன்னார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேர் மாற்றினால் கம்பெனிக் கணக்கில் தானாக மாறிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இனி ஒரு ரீகால் வந்தால் தகவல் அவருக்கு வரும்.

டை ராட் மாற்றிய ஜாப் கார்டை ஆர்.சி.யோடு ஒரே பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறார். நாளைக்கு அவர் இந்த வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் வெள்ளிமலையிலிருந்து நான்கு மூட்டை சாமையோடு இறங்கி வந்தவர், வரும் வழியில் என் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு படி கொடுத்துவிட்டுப் போனார்.